மறுகூட்டல் வேண்டி ஒரு விண்ணப்பம்

மறுகூட்டல் வேறு, மறுமதிப்பீடு வேறு. முன்னதில், எல்லா விடைகளுக்கும் மதிப்பெண் இடப்பட்டுள்ளதா, கூட்டல் சரியா என்பவை மட்டுமே பார்க்கப்படும். பின்னதில் விடையே மீண்டும் மதிப்பிடப்படும். இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் விதிகள் முன்னதற்கு மட்டுமே இடமளிக்கின்றன. ஆதலால் எதைக் கேட்கிறோம் என்பதைக் கடிதம் தெளிவாகக் கூறவேண்டும். கணக்கியல் பயிற்சி நிறுவனம் ஒன்றுக்கு மாணவி ஒருத்தி எழுதிய கடிதத்தைப் படியுங்கள்.

அனுப்புநர்
தேர்வெண் 217,
லேபர் கேம்ப், மாட்டுங்கா,
மும்பை.

பெறுநர்
தேர்வு அலுவலர் அவர்கள்.

ஐயா,

பொருள்: கணக்கியல் தாள், மறுகூட்டல் வேண்டுதல்.

வணக்கம். கணக்கியல் தாளில் நான் 35 மதிப்பெண் பெற்றுள்ளதாக முடிவு வந்துள்ளது. தேர்ச்சிக்கு 40 வேண்டும். கட்டணம் செலுத்தி விடைத்தாளின் நகலைப் பெற்றேன். முகப்புப் பக்கத்தில் முதல் மூன்று வினாக்களுக்கு 14, 9, 12 என மதிப்பெண்கள் உள்ளன. நான்காம் வினாவாகிய வங்கிச் சரிக்கட்டும் பட்டியலைக் கூடுதல் தாளில் எழுதியிருந்தேன். அத்தாளில் 8 மதிப்பெண் இடப்பட்டுள்ளது. அது முகப்பிற்கு எடுத்தெழுதப்படவில்லை. அதனைச் சேர்த்தால் கூட்டுத்தொகை 43 ஆகும்.

விடைகளை மீண்டும் மதிப்பிடுமாறு நான் கேட்கவில்லை. விடுபட்ட மதிப்பெண்ணைச் சேர்த்து, திருத்திய மதிப்பெண் பட்டியலை வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: முகப்புப் பக்கம், கூடுதல் தாள் ஆகியவற்றின் நகல்கள்.

மாணவி எவர்மீதும் குறை கூறவில்லை. இடத்தைச் சுட்டி எண்ணைக் காட்டுகிறாள். பேரேட்டிலிருந்து இருப்பாய்வுக்கு ஒரு தொகையை எடுத்தெழுத மறப்பதும் இவ்வகைப் பிழையே. தேர்வெழுதியவர் தம் விடைத்தாளைப் பார்க்கவும் நகல் பெறவும் தகவல் அறியும் சட்டப்படி உரிமையுடையவர் என 2011ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வுரிமை அரசுசார் தேர்வு அமைப்புகளுக்கே பொருந்தும். தனியார் நிறுவனமாயின் அதன் விதிகளையே பார்க்கவேண்டும்.

பயிற்சி: மூன்றாம் வினாவுக்குரிய 12 என்பது முகப்பில் 2 எனப் பதிவாகியிருந்தால், இக்கடிதத்தின் எந்த வரிகள் மாறும்? எழுதுக.