காலி மண்டபத்தின் எதிரொலி: ஓர் இளம் ஒலிக்கலைஞருக்கு

டப்பிங் அறையில் பதிந்த குரலோடு எந்த அறையின் எதிரொலியும் ஒட்டியிருக்காது. கல்யாண மண்டபக் காட்சியில் அது இயல்பாக உட்கார வேண்டுமானால், அந்த மண்டபத்தின் ரிவெர்பைத் தனி டிராக்கில் சேர்க்க வேண்டும். வெம்பாக்கத்தில் எடுத்த குறும்படத்தின் முகூர்த்தக் காட்சியில் டப்பிங் அபாரம். பட்டு நெசவாளியான தந்தையின் வசனம் உதட்டசைவிலிருந்து இம்மியும் பிசகவில்லை. ரிவெர்ப் மட்டும் ஆளில்லாத மண்டபத்துடையது.

படத்துடன் வந்த குறிப்பே காரணத்தைச் சொல்கிறது. காலி மண்டபத்தில் பலூனை உடைத்துப் பதிந்த ஒலி அப்படியே கன்வல்யூஷன் ரிவெர்பில் ஏற்றப்பட்டிருக்கிறது. மண்டபம் 24 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம் என்று கொண்டால், கனஅளவு 1440 கன மீட்டர். வாலஸ் சேபின் 1890களில் ஹார்வர்டின் ஒரு விரிவுரை மண்டபத்தில் இருக்கை மெத்தைகளை உள்ளே கொண்டுவந்தும் வெளியே எடுத்தும் கண்ட விதி இங்கே உதவும். கனஅளவை 0.161ஆல் பெருக்கி, அறை உறிஞ்சும் அளவால் வகுத்தால் எதிரொலி அடங்கும் நேரம் கிடைக்கும். சிமென்ட் சுவரும் டைல்ஸ் தரையும் கான்கிரீட் கூரையும் சேர்ந்து 936 சதுர மீட்டர். அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு உறிஞ்சினால் 47. எதிரொலி ஏறக்குறைய 5 விநாடி நீளும். 300 பேர் வந்து உட்கார்ந்தால், ஆளுக்கு 0.45 வீதம் 135 கூடும். நேரம் 1.3 விநாடிக்கு இறங்கிவிடும். திரையில் மண்டபம் நிறையக் கூட்டம், காதில் வெறும் மண்டபம். ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் மேல் ஏறுவதைக் கேட்டாலே இது பிடிபடும்.

பலூன் பதிவைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதன் நீளத்தை 1.3 விநாடிக்குக் குறைக்கலாம். மனித உடலும் உடையும் கீழ் ஒலியைவிட மேல் ஒலியை அதிகம் விழுங்குவதால், ரிவெர்பில் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே தணிக்க வேண்டும். பிறகு படப்பிடிப்பில் பதிந்த பைலட் டிராக்கை ஒரு வரி, டப்பிங்கை ஒரு வரி என மாற்றி மாற்றிக் கேட்க வேண்டும். எந்தக் கணக்குக்கும் மேலான சாட்சி பைலட்தான்.

கூரை எதிரொலிக்குள்ள தாமதமும் முக்கியம். பேசுபவரும் மைக்கும் 3 மீட்டர் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால், கூரையில் பட்டு வரும் ஒலி நேர் ஒலியைவிட 4.6 மீட்டர் கூடுதலாக நடக்கிறது. அது 13 மில்லிவிநாடி. தாமதம் சுழியாக இருந்தால் குரல் குழைந்து தெளிவிழக்கும்.

மிகவும் உறுத்துவது, ஷாட் மாறும்போதெல்லாம் ரிவெர்பின் நீளமும் மாறுவது. குளோசப்பில் மண்டபம் சுருங்கிவிடுவதில்லை; நேர்க்குரலின் பங்குதான் கூடுகிறது. ஆகவே நீளத்தை ஒரே இடத்தில் நிறுத்தி, அளவை மட்டும் ஏற்றி இறக்க வேண்டும். முன்பு ஸ்டுடியோக்களில் எதிரொலி அறை என்றே தனி அறை இருந்தது: ஒரு மூலையில் ஸ்பீக்கர், மறு மூலையில் மைக், சுற்றிலும் வழுவழுப்பான சுவர். அந்த அறையை ஷாட்டுக்கு ஷாட் இடித்துக் கட்ட முடியாது. அங்கே பழகியவர்களின் கை தானாகவே அளவுக் குமிழுக்குத்தான் போகும்.

கடைசியில், இதற்கெல்லாம் அடியில் கூட்டத்தின் முணுமுணுப்பும் மின்விசிறி இரைச்சலும் இடைவெளியின்றி ஓட வேண்டும். ரிவெர்பின் வால் முழு அமைதியில் விழுந்தால் ஒட்டுவேலை தெரிந்துவிடும். அந்த இரைச்சலில் கரைந்தால் தெரியாது.