அயல்நாட்டில் ஆம்புலன்ஸை அழைக்கும் எண்

தமிழ்நாட்டில் மார்பு வலி என்றவுடன் நம் விரல்கள் 108 என்ற எண்ணையே தேடுகின்றன. ஆனால் அந்த எண் நம் நாட்டு எல்லையோடு முடிந்துவிடுகிறது. சிங்கப்பூரில் வசிக்கும் மகள் வீட்டில் சில மாதங்கள் தங்கச் செல்லும் இதய நோயாளி ஒருவரை எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

சிங்கப்பூரில் ஆம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் உரிய எண் 995, காவல்துறைக்கு 999. உயிருக்கு ஆபத்தில்லாத நிலையில் மருத்துவமனை செல்ல 1777 என்ற எண்ணில் கட்டண ஊர்தியை அழைக்கலாம். அதே நோயாளி பாலத்தைக் கடந்து மலேசியாவின் ஜொகூர் பாருவுக்குச் சென்றால் எண் மீண்டும் மாறுகிறது. அங்கே ஆம்புலன்ஸ் உள்ளிட்ட எல்லா அவசர உதவிக்கும் 999 ஒன்றே. ஆகவே ஒவ்வொரு நாட்டிற்கும் தனித்தனியே எண்ணைக் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். அந்நாட்டு அரசின் இணையதளத்திலோ, அங்குள்ள இந்தியத் தூதரகத்தின் இணையதளத்திலோ பயணத்திற்கு முன்பே பார்த்து, ஒரு தாளில் எழுதிக் கடவுச்சீட்டோடு வைப்பது நல்லது.

எண் நினைவுக்கு வராவிடில் கைப்பேசியில் 112ஐ அழுத்தலாம். ஜிஎஸ்எம் வகைக் கைப்பேசிகள் இதனை அவசர அழைப்பு என்று தாமே அறிந்து, அவ்விடத்து அவசர மையத்திற்கு அனுப்புகின்றன. எனினும் அது காவல்துறையைச் சென்றடையக்கூடும். அங்கிருந்து ஆம்புலன்ஸ் பிரிவுக்கு மாற்றும்வரை நேரம் வீணாகும். விடுதி அறையிலுள்ள தொலைபேசியில் இவ்வசதியை நம்ப இயலாது. வெளி இணைப்புக்கு முதலில் எந்த எண்ணை அழுத்த வேண்டும் என்பதை அறையை எடுக்கும்போதே வரவேற்பறையில் கேட்டறிக.

995ஐ அழைத்தவுடன் முகவரியை முதலில் கூறுக. சிங்கப்பூரில் ஆறிலக்க அஞ்சல் குறியீடு பெரும்பாலும் ஒரே கட்டடத்தைச் சுட்டுவதால், அதனுடன் தளத்தையும் வீட்டு எண்ணையும் சொன்னால் போதும். பின்னர், "வயது 64, இருபது நிமிடங்களாக மார்பு வலி, வியர்க்கிறது, நினைவு உள்ளது" என்று நிலையைக் கூறுக. மறுமுனையில் இருப்பவர் சொல்லும்வரை இணைப்பைத் துண்டிக்கலாகாது. நோயாளி மயங்கி மூச்சு நின்றால் மார்பை அழுத்தும் முறையை அவரே சொல்லித் தருவார். வரும் ஊர்தி தகுந்த அருகிலுள்ள மருத்துவமனைக்கே கொண்டுசெல்லும். நாம் விரும்பும் மருத்துவமனைக்கு அன்று. எனவே மருந்துப் பட்டியலும் ஈசிஜி நகலும் நோயாளியின் கையிலேயே இருத்தல் வேண்டும்.

ஊரில் இருக்கும் உறவினர் ஒன்றைக் கருத்திற்கொள்க. தமிழ்நாட்டிலிருந்து 995ஐ அழைத்தால் அது சிங்கப்பூருக்குச் செல்லாது. பகலில் பெற்றோர் தனித்திருப்பார்கள் எனில், அங்குள்ள அண்டை வீட்டார் ஒருவரின் முழு எண்ணை, +65 என்ற நாட்டுக் குறியீட்டுடன், முன்னரே வாங்கி வைத்திருங்கள். அவர் வழியாகவே உங்களால் ஆம்புலன்ஸை விரைந்து வரவழைக்க இயலும்.