கரிசலில் உள்ள அலுமினியமும் ஏற்காட்டு பாக்சைட்டும்

எம்.ரெட்டியபட்டியில் பத்தாம் வகுப்புக்கு உலோகவியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். "சார், நம்ம கரிசல்ல அலுமினியம் இருக்கா?" என்று ஒரு மாணவி கேட்டாள். "இல்லம்மா, அதுக்கு ஏற்காடுதான் போகணும்" என்று சொல்லிவிட்டேன். அது தவறான பதில். மறுநாள் அதைத் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

கரிசலிலும் அலுமினியம் உண்டு. ஆனால் அது சிலிக்காவோடு பிணைந்து கிடக்கிறது. அந்தச் சிலிக்கா எவ்வளவு விலகியிருக்கிறது என்பதில்தான் பாக்சைட்டின் கதையே இருக்கிறது. கரும்பலகையில் 3, 2, 1, 0 என்று எழுதினேன். ஓர் அலுமினிய அணுவுக்கு எத்தனை சிலிக்கான் அணுக்கள் என்பதே இந்த எண்கள். பாறையிலுள்ள பொட்டாசியம் ஃபெல்ஸ்பாரில் 3. கரிசலின் முக்கியக் களிமண்ணான மான்ட்மோரில்லோனைட்டில் ஏறக்குறைய 2. கேயோலினைட் என்னும் வெண்களிமண்ணில் 1. பாக்சைட்டின் கனிமமான கிப்சைட்டில் 0.

சேர்வராயன் மலையின் அடிப்பாறை சார்னோகைட். அதன் உச்சியில் மழை அதிகம். விழுந்த நீர் தேங்காமல் பாறை வெடிப்புகள் வழியே இறங்கிச் சரிவில் வடிந்துவிடுகிறது. முதலில் சோடியமும் கால்சியமும் பொட்டாசியமும் கரைந்து போகின்றன; சிலிக்காவும் சிறிது சிறிதாகக் கரைந்து வெளியேறுகிறது. எளிதில் கரையாத அலுமினியமும் இரும்பும் பின்தங்குகின்றன. பல இலட்சம் ஆண்டுகள் இப்படி நடந்தால், மேலே செம்மஞ்சள் நிறப் பாக்சைட் படிகிறது. நீர் மிக வேகமாக வடியும் இடத்தில் கேயோலினைட் நிலையைத் தாண்டி நேராகக் கிப்சைட் உருவாவதும் உண்டு.

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் மழை குறைவு, நிலம் சமதளம். கரைந்தது வெளியேற வழியில்லை. வெயிலில் நீர் ஆவியாகிவிட, சிலிக்கா களிமண்ணிலேயே தங்கிவிடுகிறது. சுண்ணாம்பும் போகவில்லை. உழும்போது கிடைக்கும் சுக்கான் கல்லே அதற்குச் சாட்சி.

"அப்போ கரிசல்லயிருந்து அலுமினியம் எடுக்கலாமே சார்?" என்றாள் அதே மாணவி. சரியான கேள்வி. பேயர் முறையில் பாக்சைட்டைச் சூடான எரிசோடாக் கரைசலில், அழுத்தத்தில் கரைக்கிறார்கள். கிப்சைட் கரைந்துவிடும், இரும்பு கரையாமல் செஞ்சேறாக ஒதுங்கும். களிமண்ணைப் போட்டாலோ அதன் சிலிக்காவும் கரைந்து, சோடாவையும் அலுமினாவையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மீண்டும் திடப்பொருளாகப் படிந்துவிடும். விலையுயர்ந்த சோடா வீணாகும், எடுக்க வந்த அலுமினாவும் சேற்றோடு போகும். நல்ல பாக்சைட்டிலும் களிமண் கலந்திருந்தால் இதே தொல்லைதான்.

ஏற்காடு, கொல்லிமலைப் பாக்சைட்டை நம்பித்தான் மேட்டூரில் 1965இல் அலுமினிய ஆலை தொடங்கியது. ஏறக்குறைய 4 டன் பாக்சைட்டிலிருந்து 2 டன் அலுமினா, அதிலிருந்து 1 டன் உலோகம் என்பது பொதுக்கணக்கு. அலுமினாவை உருகிய கிரையோலைட்டில் கரைத்து மின்னாற்பகுக்கும் அந்தக் கடைசிப் படிக்கு மட்டும் டன்னுக்கு 13,000 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும்.

மறுநாள் மாணவர்கள் சுக்கான் கல் கொண்டுவந்தார்கள். இடித்த பொடியில் எலுமிச்சைச் சாறு விட்டோம், நுரைத்தது. கரிசலை நனைத்துப் பிசைந்தால் பசையாகக் கையில் ஒட்டியது. ஏற்காட்டிலிருந்து நான் முன்பு எடுத்துவந்த பாக்சைட் துண்டைப் பொடித்து நனைத்தோம். அது நுரைக்கவும் இல்லை, பிசைய வரவும் இல்லை.