நம்பிக்கைகளும் உண்மைகளும்: சிகிச்சைக்கு வசூலித்த பணமும் அதன் கணக்கும்

தெருவில் யாருக்காவது பெரிய சிகிச்சை என்றால் இரண்டே நாளில் வாட்ஸ்ஆப் குரூப் தயாராகிவிடுகிறது, பணமும் சேர்ந்துவிடுகிறது. நோயாளி வீடு திரும்பிய பிறகுதான் சங்கடம் ஆரம்பிக்கும். கணக்குக் கேட்பவர் சந்தேகப் பேர்வழி ஆகிறார்; காட்டாதவர் களவாணி ஆகிறார். இருவருமே பெரும்பாலும் நல்லவர்கள். இந்த வகைக் கணக்கை எப்படிக் காட்ட வேண்டும் என்பதில் புழங்கும் சில தவறான நம்பிக்கைகள்தான் இருவரையும் மோதவிடுகின்றன.

அவற்றை ஒரு மாதிரிக் கணக்கை வைத்தே பார்த்துவிடலாம். சாரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பு முறிந்த ஒரு கொத்தனார். தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை. எஸ்டிமேட் 1,60,000 ரூபாய். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வசூல் பொறுப்பை ஏற்கிறார்.

நம்பிக்கை: குரூப்பில் வந்த ஸ்கிரீன்ஷாட்டுகளைக் கூட்டினால் வரவு கிடைத்துவிடும்.

உண்மை: ஸ்கிரீன்ஷாட் அனுப்பியவரின் சாட்சி. வரவுக்குச் சாட்சி, பணம் வந்து சேர்ந்த வங்கிக் கணக்கின் ஸ்டேட்மென்ட் மட்டுமே.

நம் உதாரணத்தில் குரூப்பில் விழுந்த ஸ்கிரீன்ஷாட்டுகளின் கூட்டுத்தொகை 1,18,400. ஸ்டேட்மென்டில் வந்திருப்பது 1,12,400. இந்த 6,000 ரூபாய் வித்தியாசம்தான் பல தெருக்களில் பேச்சுவார்த்தையையே முறித்திருக்கும். தேடிப் பார்த்தால் விஷயம் சாதாரணம். ஒருவர் அனுப்பிய 5,000 ‘ப்ராசஸிங்’ நிலையிலேயே நின்று, பிறகு அவர் கணக்குக்கே திரும்பிவிட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை. இன்னொருவரின் 1,000 ரூபாய் ஸ்கிரீன்ஷாட்டை அவர் ஒருமுறையும் அவர் மனைவி ஒருமுறையும் போட்டிருக்கிறார்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, ஒவ்வொரு யூபிஐ பரிமாற்றத்துக்கும் உள்ள 12 இலக்க எண்ணை ஸ்டேட்மென்டோடு ஒப்பிடுவது. ஒரே எண் இரண்டு படங்களில் இருந்தால் அது ஒரே பணம். எண் இருந்தும் ஸ்டேட்மென்டில் இல்லையென்றால், பணம் வரவில்லை. அனுப்பியவரை அவருடைய வங்கிக் கணக்கைப் பார்க்கச் சொல்ல வேண்டும். பொறுப்பாளர் தன் சம்பளக் கணக்கிலேயே வசூலை வாங்கியிருந்தால், வீட்டு வாடகைக்கும் கேஸ் சிலிண்டருக்கும் நடுவே இந்த வரிகளைத் தேட வேண்டியிருக்கும். அந்த ஸ்டேட்மென்டை அவரால் யாரிடமும் நீட்டவும் முடியாது. பெரிதாகப் புழங்காத ஒரு சேமிப்புக் கணக்கை இதற்கென ஒதுக்குவது இதனால்தான் நல்லது.

ரொக்கமாக வந்தது 38,100. இதற்கு ஸ்டேட்மென்ட் கிடையாது. ஆகவே வாங்கும்போதே எண்ணிட்ட ரசீதுப் புத்தகத்தில் எழுதி, கார்பன் நகலை வைத்துக்கொள்ள வேண்டும். ஆக மொத்த வரவு 1,50,500.

நம்பிக்கை: எல்லா ரசீதையும் போட்டோ எடுத்துக் குரூப்பில் போட்டால் செலவுக் கணக்கு காட்டியாயிற்று.

உண்மை: மருத்துவமனை தரும் காகிதங்கள் எல்லாமே செலவைக் காட்டுபவை அல்ல. அவற்றைப் பிரிக்காமல் கூட்டினால் கணக்கு நிச்சயமாகத் தப்பும்.

அட்மிஷனின்போதும் அறுவை சிகிச்சைக்கு முன்பும் கட்டும் பணத்துக்குக் கிடைப்பது அட்வான்ஸ் ரசீது. நடுவில் தரும் இன்டரிம் பில், அன்றுவரை எவ்வளவு ஆகியிருக்கிறது என்ற தகவல் மட்டுமே. டிஸ்சார்ஜ் அன்று வரும் ஃபைனல் பில்தான் செலவு. அதன் அடியில், கட்டிய அட்வான்ஸைக் கழித்து, பாக்கியோ ரீஃபண்டோ எவ்வளவு என்று போட்டிருப்பார்கள்.

நம் கொத்தனாருக்கு மூன்று தவணையாக 50,000, 50,000, 30,000 என 1,30,000 அட்வான்ஸ் கட்டப்பட்டது. முதல் இரண்டும் வங்கிக் கணக்கிலிருந்து, மூன்றாவது ரொக்கமாக. ஃபைனல் பில் 1,21,750. மீதி 8,250 ரீஃபண்டாகப் பொறுப்பாளரின் கணக்குக்கு வந்தது. அட்வான்ஸ் ரசீதுகளை மட்டும் கூட்டிச் செலவு 1,30,000 என்று எழுதினால் இந்த 8,250 காணாமல் போகும். வங்கியில் வந்ததாயிற்றே என்று அதை வரவில் சேர்த்தாலோ, யாரும் தராத நன்கொடை ஒன்று கணக்கில் முளைத்துவிடும். ரீஃபண்ட் நன்கொடை அல்ல. நம் பணமே திரும்பி வந்தது.

மருந்து பில்லிலும் இதே பொறி உண்டு. பல மருத்துவமனைகளில் வார்டுக்கு வரும் மருந்து ஃபைனல் பில்லிலேயே சேர்ந்துவிடும். கூடவே பார்மஸி பில்லும் தனியாகக் கையில் கொடுப்பார்கள். ஆகவே ஃபைனல் பில்லின் விவர அறிக்கையில் அந்த பார்மஸி பில் எண்கள் இருக்கின்றனவா என்று பார்த்து, இருப்பவற்றைத் தள்ளிவிட வேண்டும். பயன்படுத்தாமல் திருப்பிக் கொடுத்த மருந்தின் தொகையும் கழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நம் உதாரணத்தில் இப்படிச் சலித்த பிறகு, தனியாகக் கட்டிய மருந்துச் செலவு 9,340.

இன்னொரு சங்கதி. எல்லா ரசீதும் நோயாளி பெயரில்தான் இருக்கும். பணம் கட்டியது யார் என்று அதில் தெரியாது. குடும்பத்தார் தங்கள் கையிலிருந்து கட்டியதும் அதே கட்டில் இருக்கும். நிதியிலிருந்து கட்டிய ரசீதின் பின்புறம் தேதியும் ‘நிதி’ என்ற குறிப்பும் அன்றைக்கே எழுதிவிட்டால், பிறகு பிரிப்பது சுலபம்.

நம்பிக்கை: பில் இல்லாத செலவைக் கணக்கில் காட்டக் கூடாது.

உண்மை: காட்டலாம், ஆனால் பில் இல்லாதது என்று சொல்லிக் காட்ட வேண்டும். ஆட்டோக்காரர் பில் தர மாட்டார். வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் மனைவிக்கு வாங்கிய இட்லிப் பொட்டலத்துக்கும் பில் வராது. ஒரு வெள்ளைத்தாளில் தேதி, தொகை, எதற்காக, யாரிடம் கொடுத்தது என்று எழுதி, பணத்தைப் பெற்ற குடும்பத்தவரின் கையெழுத்தை வாங்கினால் அதுவே வவுச்சர். இந்த வகையில் ஆனது 1,260. இதைத் தனி வரியாகக் காட்டினால் யாரும் கேள்வி கேட்பதில்லை. கூச்சப்பட்டு அதை மருந்துச் செலவில் நுழைப்பதுதான் ஆபத்து. பார்மஸி பில்களை ஒருவர் கூட்டிப் பார்த்தால் 1,260 இடிக்கும். அப்புறம் உண்மையான பில்களையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

நம்பிக்கை: வரவு, செலவு, மீதி என மூன்று எண்கள் போதும்.

உண்மை: கழித்தல் போட்டு வருவது காகிதத்து மீதி. அந்தப் பணம் இன்ன தேதியில் இன்ன இடத்தில் இருக்கிறது என்று சொன்னால்தான் கணக்கு முடியும். நம் உதாரணத்தின் சுருக்கம் இப்படி அமையும்:

வரவு
வங்கி, யூபிஐ: 1,12,400
ரொக்கம்: 38,100
மொத்தம்: 1,50,500

செலவு
மருத்துவமனை ஃபைனல் பில்: 1,21,750
தனியாக வாங்கிய மருந்து: 9,340
வெளியில் எடுத்த ஸ்கேன்: 2,800
வாக்கர்: 1,850
ஆம்புலன்ஸ்: 1,500
பில் இல்லாத செலவு (வவுச்சர் உண்டு): 1,260
மொத்தம்: 1,38,500

மீதி: 12,000
இருக்கும் இடம்: வங்கியில் 11,310, கையில் 690

கடைசி வரியை வேறு வழியாகவும் சரிபார்க்கலாம். வங்கிக்கு வந்தது 1,12,400. அட்வான்ஸாகப் போனது 1,00,000. ரீஃபண்டாகத் திரும்பியது 8,250. மருந்துக்குப் போனது 9,340. மிஞ்சுவது 11,310. அன்றைய ஸ்டேட்மென்டின் இருப்பும் இதுவாகவே இருக்க வேண்டும். ரொக்கம் 38,100ல் அட்வான்ஸ் 30,000 போக, மற்றச் சில்லறைச் செலவுகள் 7,410. கையில் 690. இரண்டு வழியிலும் 12,000 வந்தால் கணக்கு சரி. வரவில்லையென்றால், எங்கோ ஒரு ரசீது விட்டுப்போயிருக்கிறது அல்லது இரண்டு முறை ஏறியிருக்கிறது.

சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போது கணக்குக் காட்டினால் மூன்றாவது இடம் ஒன்றும் உண்டு: மருத்துவமனையில் கிடக்கும் அட்வான்ஸ். அதை அப்போதே செலவில் எழுதாமல், ‘மருத்துவமனையில் இருப்பு’ என்று மீதியின் கீழ் காட்ட வேண்டும்.

நம்பிக்கை: யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று பட்டியல் போட்டால்தான் ஒளிவுமறைவில்லாத கணக்கு.

உண்மை: மொய் நோட்டில் பெயரும் தொகையும் எழுதுவது நாளை திருப்பிச் செய்வதற்காக. இங்கே அப்படி எதுவும் இல்லை. 200 ரூபாய் கொடுத்தவரை 10,000 கொடுத்தவருக்குக் கீழே எழுதிக் குரூப்பில் போட்டால், அடுத்த வசூலுக்கு அவர் வரமாட்டார். கொடுத்தவருக்குத் தன் பணம் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று தெரிந்தால் போதும். தேதி, தொகை, பரிமாற்ற எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள், ரொக்கமானால் ரசீது எண் ஆகியவற்றைப் பட்டியலிட்டால் ஒவ்வொருவரும் தன் வரியைத் தானே கண்டுபிடித்துக்கொள்வார். பில்களைப் பகிரும்போது நோயாளியின் போன் எண், ஆதார் எண், நோய் விவரம், பரிசோதனை முடிவு ஆகியவற்றை மறைத்துவிட வேண்டும். உதவி வாங்கியதற்காக அவர் தன் உடம்பின் கதையை ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூலப் பில்களைப் பார்க்க விரும்புபவர் நேரில் வந்து பார்க்கட்டும்.

நம்பிக்கை: இந்த ரசீதைக் காட்டி 80ஜி வரிச்சலுகை வாங்கலாம்.

உண்மை: முடியாது. அந்தச் சலுகை, அதற்கான அங்கீகாரம் பெற்ற அறக்கட்டளைகளுக்கும் அரசு அறிவித்த நிதிகளுக்கும் கொடுப்பதற்கே. தனிமனிதருக்கு நேரடியாகக் கொடுக்கும் உதவிக்கு இல்லை. வசூல் ரசீதிலேயே இதை ஒரு வரியில் அச்சடித்துவிடலாம். வாங்குபவர் பக்கமும் ஒன்று உண்டு: உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் இலவசமாகப் பெறும் பணம் முழுவதும், சில விலக்குகள் போக, அவருடைய வருமானமாகக் கருதப்படும். மொத்த வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருப்பவருக்கு அதனால் வரி வராது. பெருந்தொகை திரளும் வசூல் என்றால் முதலிலேயே ஓர் ஆடிட்டரைக் கேட்டுவிடுவது உத்தமம்.

நம்பிக்கை: மிச்சப் பணத்தைப் பொறுப்பாளர் தன் விருப்பப்படி ஏதாவது நல்ல காரியத்துக்குக் கொடுத்துவிடலாம்.

உண்மை: அந்தப் பணம் ஒரு குறிப்பிட்ட காரியத்துக்காக அவரை நம்பி ஒப்படைக்கப்பட்டது. கோயில் திருப்பணிக்கோ இன்னொரு நோயாளிக்கோ அவராக மாற்றிவிட முடியாது. சொந்தச் செலவுக்கு எடுத்தால் அது நம்பிக்கை மோசடிக் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது.

வசூல் தொடங்கும்போது என்ன எழுதிக் கேட்டோம் என்பதே இங்கே அளவுகோல். ‘அறுவை சிகிச்சைக்கு’ என்று மட்டும் கேட்டிருந்தால், மீதியைப் பிசியோதெரபிக்குச் செலவழிக்கவும் கொடுத்தவர்களைக் கேட்பதுதான் முறை. ‘சிகிச்சைக்கும் அதைத் தொடரும் மருத்துவச் செலவுக்கும்’ என்று கேட்டிருந்தால் சிக்கலே இல்லை. நம் கொத்தனார் எலும்பு கூடும்வரை அவ்வப்போது எக்ஸ்ரே எடுக்க வேண்டும். நடக்கப் பழகும்வரை பிசியோதெரபி வேண்டும். ஆகவே சுருக்கத்தின் அடியில் பொறுப்பாளர் எழுத வேண்டியது இவ்வளவுதான்: மீதி 12,000 இந்தச் செலவுகளுக்கு வைக்கப்பட்டுள்ளது, இன்ன தேதியோடு கணக்கு முடிக்கப்படும், அன்று மிஞ்சுவதைக் குடும்பத்திடம் கையெழுத்து வாங்கிக் கொடுக்க உத்தேசம், மாற்றுக் கருத்துள்ளவர்கள் அதற்குள் சொல்லலாம், தங்கள் பங்கைத் திரும்பக் கேட்பவர்களுக்கு அவர்கள் அனுப்பிய கணக்குக்கே திருப்பித் தரப்படும். அந்தத் தேதியில் கடைசி ஸ்டேட்மென்டோடு ஒரு முடிவுக் கணக்கையும் போட்டுவிட்டால் பொறுப்பாளரின் வேலை முடிந்தது.