பிரசவ கிளைம்: காகிதங்கள் ஒரே கதையைச் சொல்லட்டும்

கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் இருக்கும் எங்கள் வீட்டில் மருமகளுக்கு இரண்டாவது பிரசவம். மகனின் ஆபீஸ் குழுக் காப்பீட்டிலிருந்து பணம் வர ஆறு வாரம் ஆயிற்று. எல்லாக் காகிதமும் கொடுத்திருந்தோம். ஆனால் ஒன்று சொன்னதை இன்னொன்று மறுத்தது. அதில் கற்றுக்கொண்டவை இவை.

1. முதல் செக்கப்பிலேயே பெயரைச் சரிபாருங்கள். நம் பெண்களுக்கு இருப்பது இனிஷியல்தான். இங்குள்ள பதிவு கவுன்ட்டரில் ‘டைட்டில்’ என்ன என்று கேட்பார்கள்; குடும்பப் பெயர் என்று பொருள். யாரோ ஒருவர் கணவர் பெயரைச் சொல்ல, அதுவே கார்டில் ஏறிவிடும். ஆதாரிலும் பாலிசியிலும் உள்ள எழுத்துக்கூட்டலையே ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, அட்மிஷன் எல்லாவற்றிலும் எழுதச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜுக்குப் பிறகு திருத்தக் கேட்டால் பல நாள் நடக்க வேண்டிவரும்.

2. எங்களை நிறுத்தியது இதுதான். கேஷ்லெஸ் விண்ணப்பத்தில் மருத்துவமனை நிரப்பும் பகுதியில், பிரசவம் என்றால் ஜி, பி, எல், ஏ என நான்கு கட்டங்கள் இருக்கும். ஜி என்பது இதுவரை கருவுற்ற தடவைகள், இப்போதையதும் சேர்த்தி. பி என்பது முந்தைய பிரசவங்கள். எல், உயிரோடுள்ள குழந்தைகள். ஏ, கலைந்த கருக்கள். மருமகளுக்கு ஒரு குழந்தை உண்டு, நடுவில் ஒரு முறை கலைந்தது. ஆகவே ஜி 3, பி 1, எல் 1, ஏ 1. டாக்டரின் கார்டில் அப்படியே இருந்தது. அட்மிஷன் அன்று நான் பக்கத்தில் நின்றதால், கலைந்ததைச் சொல்லக் கூசி, “இது ரெண்டாவது” என்று மட்டும் சொல்லிவிட்டாள். படிவத்தில் ஜி 2 ஆயிற்று. பல குழுக் காப்பீடுகள் முதல் இரண்டு குழந்தைகளுக்குத்தான் பிரசவச் செலவு தரும். கார்டில் 3, படிவத்தில் 2 என்றதும் மூன்றாவது குழந்தையோ என்று கேள்வி வந்தது. டாக்டர் லெட்டர்ஹெட்டில் விளக்கம் எழுதித் தந்த பிறகே நகர்ந்தது. மாமியார்மார்களே, அந்தக் கேள்வி கேட்கும்போது நாம் சற்றுத் தள்ளி நிற்பது நல்லது.

3. கடைசி மாதவிடாய் தேதி ஜூன் 10 என்றால், 280 நாள் கணக்கில் பிரசவத் தேதி மார்ச் 17. ஆரம்ப ஸ்கேன் மார்ச் 25 என்று காட்டலாம். இரண்டும் பொய்யில்லை, சுழற்சி நீளமானவர்களுக்கு இப்படி வரும். ஆரம்ப ஸ்கேனை வைத்து டாக்டர் தேதியை மாற்றினால், மாற்றியதைக் கார்டிலேயே ஒரு வரி எழுதிக் கையெழுத்திடச் சொல்லுங்கள். காத்திருப்புக் காலம் உள்ள பாலிசிக்கு இந்த வரி மிக முக்கியம்.

4. எஸ்டிமேட்டை ஒரே தொகையாக வாங்காதீர்கள். அறை, ஆபரேஷன் தியேட்டர், டாக்டர் மற்றும் மயக்க மருந்து நிபுணர் கட்டணம், மருந்து என்று பிரித்து, சுகப்பிரசவத்துக்கு ஒன்றும் சிசேரியனுக்கு ஒன்றுமாக எழுத்தில் கேளுங்கள். உதாரணமாக, சுகப்பிரசவம் என்று 60,000 ரூபாய்க்கு அனுமதி வந்து, கடைசி நேரத்தில் சிசேரியனாகி பில் 1,10,000 ஆகிறது. பாலிசியின் சிசேரியன் வரம்பு 75,000 என்றால், மருத்துவமனை கூடுதல் அனுமதி கேட்டால்தான் மீதி 15,000 அங்கேயே கழியும். கேட்டார்களா என்று இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் அன்றே விசாரியுங்கள். மீதி 35,000 நம் கையிலிருந்து. பில் நியாயமில்லை என்று தோன்றினால், 2017 சட்டப்படி அமைந்த மேற்கு வங்க மருத்துவ நிறுவன ஒழுங்காற்று ஆணையத்தில் புகார் தரலாம். அப்போது எழுத்திலுள்ள எஸ்டிமேட் பேசும்.

5. டிஸ்சார்ஜ் சம்மரியில் அட்மிஷன் தேதி நேரம், குழந்தை பிறந்த தேதி நேரம், பிரசவ முறை, சிசேரியன் என்றால் அதன் மருத்துவக் காரணம் எல்லாம் இருக்கிறதா என்று வார்டை விட்டுக் கிளம்பும் முன் படித்துப் பாருங்கள். இறுதி பில் போன பிறகு மூன்று மணி நேரத்துக்குள் காப்பீட்டாளர் பதில் தர வேண்டும் என்பது ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 2024 மே உத்தரவு. அதற்கு மேல் தாமதித்து மருத்துவமனை கூடுதலாக வாங்கினால், அந்தத் தொகை காப்பீட்டாளருடையது.

6. தாய்வீட்டில் பிரசவம் என்று எட்டாம் மாதம் ஊருக்குப் போகிறவர்கள், இங்கே எடுத்த கார்டு, ஸ்கேன், ரிப்போர்ட்டின் அசலைக் கையோடு எடுத்துப் போங்கள். நகல் வீட்டில் இருக்கட்டும். அந்த ஊர் மருத்துவமனை காப்பீட்டாளரின் பட்டியலில் இல்லாவிட்டாலும் கேஷ்லெஸ் கேட்கலாம். திட்டமிட்ட அட்மிஷனுக்கு 48 மணி நேரம் முன்பே தகவல் தர வேண்டும்.

7. குழந்தையின் பில் தனி. பிறந்த உடனே ஆபீஸ் எச்.ஆருக்கு மெயில் போட்டு, குழந்தையைப் பாலிசியில் சேர்க்கச் சொல்லுங்கள். பெயர் வைக்கும் வரை காத்திருக்க வேண்டாம். தாயின் பெயரைச் சொல்லி, அவருடைய குழந்தை என்று பதியலாம்.