மோடம் முதலில், ரவுட்டர் பிறகு
நம்பிக்கைகளும் உண்மைகளும்

இணையம் நின்றுவிட்டால் நம் வீடுகளில் முதலில் நடப்பது, சுவர் ஓரம் இருக்கும் பெட்டியின் சுவிட்சை அணைத்துப் போடுவது. பல நேரம் அதிலேயே சரியாகிவிடும். சரியாகாத நாளில் அதையே நான்கைந்து முறை செய்துவிட்டு, கடைசியில் கம்பெனிக்குப் போன் செய்கிறோம். இந்த ரீஸ்டார்ட்டைச் சுற்றிச் சில தவறான நம்பிக்கைகள் ஊறிப்போயிருக்கின்றன. அவற்றை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: மோடம், ரவுட்டர் எல்லாம் ஒன்றுதான். இரண்டுமே வைஃபை பெட்டி.

உண்மை: இரண்டும் வெவ்வேறு வேலை பார்க்கும் கருவிகள். வெளியிலிருந்து வரும் கம்பியோடு பேசுவது மோடம். வீட்டுக்குள் இருக்கும் கருவிகளோடு பேசுவது ரவுட்டர்.

கேபிள் டிவி கம்பியிலோ பழைய தொலைபேசிக் கம்பியிலோ வரும் சமிக்ஞையைக் கணினிக்குப் புரியும் வடிவுக்கு மாற்றித் தருவது மோடத்தின் பணி. ஃபைபர் இணைப்பில் அதே இடத்தில் இருப்பது ஓஎன்டி என்ற பெட்டி. கண்ணாடி இழையில் வரும் ஒளியை அது மின்சமிக்ஞையாக மாற்றுகிறது. பெயர் வேறானாலும் வீட்டில் அது நிற்கும் இடம் மோடத்தின் இடம்தான் என்பதால், இந்தக் கட்டுரையில் அதையும் மோடம் என்றே சொல்கிறேன்.

ரவுட்டருக்கு வெளிக்கம்பியைப் பற்றி எதுவும் தெரியாது. மோடத்திலிருந்து ஒரு லேன் கேபிள் வழியாக வரும் ஒற்றை இணைப்பை அது வாங்கி, உங்கள் போன், டிவி, மடிக்கணினி எல்லாவற்றுக்கும் பிரித்துத் தருகிறது. ஒவ்வொரு கருவிக்கும் 192.168.1.5 என்பதுபோல ஓர் உள்முகவரி கொடுப்பதும், வெளியிலிருந்து வரும் பதில் எந்தக் கருவி கேட்ட கேள்விக்கானது என்று கணக்கு வைத்து அதனிடம் சேர்ப்பதும் அதன் வேலை. வைஃபை என்பது ரவுட்டருக்கும் உங்கள் கருவிக்கும் நடுவே உள்ள கம்பியில்லா வழி மட்டுமே.

இன்று பல ஃபைபர் இணைப்புகளில் இந்த இரண்டு வேலையையும் ஒரே பெட்டி செய்கிறது. அதனால்தான் குழப்பம். உங்கள் வீட்டில் எப்படி என்று அறிய, கம்பியைத் தொடர்ந்து பாருங்கள். வெளியிலிருந்து வரும் மெல்லிய ஃபைபர் நுழையும் பெட்டியிலேயே வைஃபையும் வருகிறது, வேறு பெட்டி இல்லை என்றால் உங்களிடம் இருப்பது ஒரே கருவி. அங்கிருந்து இன்னொரு பெட்டிக்கு லேன் கேபிள் போகிறது என்றால் முதலாவது மோடம், இரண்டாவது ரவுட்டர்.

நம்பிக்கை 2: வைஃபை கோடுகள் முழுதாக இருந்தால் இணையமும் நன்றாக இருக்க வேண்டும்.

உண்மை: போனில் தெரியும் அந்தக் கோடுகள் உங்கள் போனுக்கும் ரவுட்டருக்கும் இடையிலான வலிமையை மட்டுமே காட்டுகின்றன. ரவுட்டருக்குப் பின்னால் மோடம் செத்துக் கிடந்தாலும் கோடுகள் முழுதாகவே தெரியும்.

பழுது எந்தப் பக்கம் என்பதை மோடத்தின் விளக்குகள் சொல்லும். ஃபைபர் பெட்டியில் PON என்ற விளக்கு நிலையாக எரிந்தால், அது கம்பெனியின் கருவியோடு சேர்ந்துவிட்டது என்று பொருள். அது மின்னிக்கொண்டே இருந்தால் இன்னும் சேர முயல்கிறது. LOS என்ற விளக்கு சிவப்பாக மின்னினால் ஒளியே வந்து சேரவில்லை. PON நிலையாக இருந்தும் இணையம் இல்லை என்றால், அடுத்துப் பார்க்க வேண்டியது ரவுட்டரை.

நம்பிக்கை 3: இரண்டையும் சேர்த்து ஒரே சுவிட்சில் போட்டால் போதும், வரிசை எல்லாம் தேவையில்லை.

உண்மை: பல நாள் அப்படியும் வேலை நடக்கும். நடக்காத நாளுக்குக் காரணம் இந்த வரிசைதான்.

ஃபைபர் மோடம் மின்சாரம் வந்தவுடன் தயாராகிவிடுவதில்லை. ஒரே இழையிலிருந்து 32 அல்லது 64 வீடுகளுக்கு ஒளி பிரிந்து போகிறது. எல்லா வீடும் ஒரே நேரத்தில் மேல்நோக்கி ஒளியை அனுப்பினால் ஒன்றோடொன்று மோதும். அதனால் கம்பெனியின் கருவி ஒவ்வொரு மோடத்தின் வரிசை எண்ணைச் சரிபார்த்து, அது எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று அளந்து, அதற்கென்று ஒரு நேரத் துண்டை ஒதுக்குகிறது. பெட்டி விழித்தெழுவதையும் சேர்த்து இதற்கு இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கலாம்.

ரவுட்டர் பெரும்பாலும் அதற்கு முன்பே எழுந்துவிடும். மோடத்தின் லேன் துளை, வெளி இணைப்பு வருவதற்கு முன்பே உயிர் பெற்றுவிடுவதால், கேபிளில் ஆள் இருக்கிறது என்று ரவுட்டர் நினைத்து உடனே முகவரி கேட்கிறது. பதில் சொல்ல மறுமுனையில் யாரும் இல்லை. மீண்டும் கேட்கிறது. தானாக முகவரி பெறும் முறையில், ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் காத்திருக்கும் நேரத்தை 4 வினாடி, 8, 16, 32, 64 என்று கூட்டிக்கொண்டே போவதுதான் விதி. நல்ல ரவுட்டர் விடாமல் கேட்டுத் தானாகவே இணைந்துவிடும். சில ரவுட்டர்கள் சில முறை கேட்டுவிட்டு நின்றுவிடுகின்றன. வீட்டுக்கு வீடு அனுபவம் மாறுவது இதனால்தான்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஃபைபர் மோடம் வராந்தாவில் இருக்கிறது, அதற்கு இன்வெர்ட்டர் இணைப்பு இல்லை. ரவுட்டர் கூடத்தில், இன்வெர்ட்டர் பிளக்கில் இருக்கிறது. மின்வெட்டில் மோடம் அணைந்துவிட, ரவுட்டர் எரிந்துகொண்டே இருக்கிறது. மின்சாரம் வந்து ஐந்து நிமிடம் ஆகிறது. மோடத்தில் PON நிலையாக எரிகிறது, போனில் வைஃபை முழுதாக இருக்கிறது, ஆனால் எதுவும் திறக்கவில்லை. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் WAN முகவரி 0.0.0.0 என்று இருக்கிறது. வெளியுலகிலிருந்து ரவுட்டருக்கு முகவரி எதுவும் கிடைக்கவில்லை என்பது இதன் பொருள். இங்கே மோடத்தை மறுபடி அணைப்பது வீண் வேலை. ரவுட்டரை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால், இந்த முறை அது கேட்கும்போது பதில் சொல்ல மறுமுனை தயாராக இருக்கும்.

கேபிள் மோடத்தில் இன்னொரு காரணமும் உண்டு. பல கேபிள் இணைப்புகளில், மோடம் எழுந்தபின் முதலில் பார்த்த கருவியின் அடையாள எண்ணையே நினைவில் வைத்துக்கொண்டு, மற்றதற்கு இணைப்பு தர மறுக்கும். புது ரவுட்டர் வாங்கி மாட்டியும் இணையம் வரவில்லை என்றால் ரவுட்டர் பழுது என்று கடைக்கு ஓட வேண்டாம். மோடத்தை அணைத்துப் போட்டால் பழைய எண்ணை மறந்து புதியதை ஏற்கும்.

நம்பிக்கை 4: அணைத்த வேகத்திலேயே போட்டுவிடலாம்.

உண்மை: அரை நிமிடமாவது காத்திருங்கள். அணைத்த பிறகும் பெட்டிக்குள் இருக்கும் மின்தேக்கிகளில் சிறிது மின்சாரம் தங்கியிருக்கும். அது வடிவதற்குள் மீண்டும் போட்டால், நினைவகத்தில் சிக்கிய பழைய நிலை முழுதாக அழியாமல் போகலாம்.

பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் வகையில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கும்போது, நான் போகிறேன் என்று அது கம்பெனியின் சர்வரிடம் சொல்வதில்லை. சர்வர் சிறிது நேரம் வரை பழைய இணைப்பு உயிரோடு இருப்பதாகவே கணக்கில் வைத்திருக்கும். ஒரு பயனருக்கு ஓர் இணைப்புத்தான் என்று கட்டுப்பாடு இருந்தால், உடனே வரும் புதிய முயற்சியை அது மறுத்துவிடும். அப்போது கடவுச்சொல் தவறு என்பதுபோலக்கூட ரவுட்டர் காட்டலாம். பதறிப்போய்க் கடவுச்சொல்லை மாற்றாதீர்கள். சில நிமிடம் விட்டால் பழைய கணக்கு தானாக முடிந்து வழி திறக்கும். அமைப்புப் பக்கத்தில் உள்ள Reboot பொத்தானைப் பயன்படுத்தினால், பல ரவுட்டர்கள் இணைப்பை முறையாக முடித்துவிட்டே அணையும்.

நம்பிக்கை 5: பின்னால் இருக்கும் RESET துளையைக் குத்துவதும் ரீஸ்டார்ட்தான்.

உண்மை: இல்லை. ரீஸ்டார்ட் உங்கள் அமைப்புகளைத் தொடாது. அந்தச் சிறிய துளையில் ஊசியை விட்டுப் பத்து வினாடி அழுத்தினால், பெட்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்பிவிடும். வைஃபை பெயர், கடவுச்சொல், இணைப்புக்கான பயனர் பெயர் எல்லாம் அழியும். கம்பெனி கொடுத்த ஃபைபர் பெட்டியில் இதைச் செய்தால் அவர்கள் போட்டுவைத்த அமைப்பும் போய்விடலாம், அதைத் திரும்பப் போட ஆள் வர வேண்டியிருக்கும். எனவே கம்பெனி ஆள் சொல்லாமல் அந்தத் துளையைத் தொடாதீர்கள்.

நம்பிக்கை 6: எந்தப் பழுதும் ரீஸ்டார்ட்டில் சரியாகிவிடும்.

உண்மை: LOS சிவப்பாக மின்னும்போது எந்த வரிசையில் ரீஸ்டார்ட் செய்தாலும் பயனில்லை. தெருவில் இழை அறுந்திருக்கலாம், பெட்டியின் பின்னால் ஃபைபர் கூர்மையாக மடங்கியிருக்கலாம், இணைப்பான் தளர்ந்திருக்கலாம். மடக்கை நிமிர்த்திவிட்டு, இணைப்பான் உறுதியாக இருக்கிறதா என்று பாருங்கள். கழற்றிய ஃபைபரின் முனையைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து ஒருபோதும் பார்க்காதீர்கள். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி.

இரண்டு பெட்டி உள்ள வீட்டில் செய்ய வேண்டிய வரிசை இதுதான்:

1. ரவுட்டரை அணையுங்கள், பிறகு மோடத்தை அணையுங்கள். அரை நிமிடம் பொறுங்கள்.
2. மோடத்தை மட்டும் போடுங்கள். PON நிலையாக எரியும்வரை, தேவைப்பட்டால் மூன்று நிமிடம், காத்திருங்கள்.
3. ரவுட்டரைப் போடுங்கள். இரண்டு நிமிடம் கழித்துப் போனில் பாருங்கள்.

ஒரே பெட்டி இருக்கும் வீட்டில் வரிசை என்ற பேச்சே இல்லை, அணைத்துப் பொறுத்துப் போட்டால் போதும். அதோடு தனியாக ஒரு ரவுட்டர் வாங்கி மாட்டியிருந்தால், கம்பெனி பெட்டி முதலில், உங்களுடையது பிறகு.

இந்த வரிசையில் ஒருமுறை செய்தும் இணையம் வரவில்லை என்றால் அதையே திரும்பத் திரும்பச் செய்யாதீர்கள். மோடத்தில் எந்த விளக்கு எரிகிறது, எது மின்னுகிறது, ரவுட்டரின் WAN முகவரி என்ன என்று குறித்துக்கொண்டு கம்பெனிக்குப் போன் செய்யுங்கள். பழுது தெருவிலா, வீட்டிலா என்பதை அவர்கள் இந்த மூன்றையும் வைத்துப் பெரும்பாலும் போனிலேயே கணித்துவிடுவார்கள்.