களையை எண்ண எத்தனை சட்டம்? எக்ஸெல் சொல்லும் பதில்

என் மைத்துனர் 25 சென்ட் நிலத்தில் நிலக்கடலை போட்டிருந்தார். விதைத்த மூன்றாவது வாரத்தில் கோரை தலைகாட்டிவிட்டது. அடுத்த பருவத்தில் களைக்கொல்லி தெளித்துப் பார்க்கலாம் என்று அவருக்கு எண்ணம். தெளித்ததால் களை குறைந்ததா என்று பிறகு தெரிய வேண்டுமானால், இப்போது எவ்வளவு இருக்கிறது என்று எண்ணி வைக்க வேண்டும். திங்கட்கிழமை களை எடுக்க ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் கை வைத்த பிறகு எண்ண எதுவும் இருக்காது. கம்ப்யூட்டர் தெரிந்தவன் என்பதால் வேலை என் தலையில் விழுந்தது.

வயல் முழுவதையும் எண்ண முடியாது. இதற்கு வேளாண்மைக் கல்லூரிகளில் குவாட்ராட் என்ற சதுரச் சட்டத்தைப் பயன்படுத்துவார்கள். நான்கு பி.வி.சி. பைப் துண்டுகளை எல்போ வைத்து இணைத்து, உள்ளளவு 50 செ.மீ.க்கு 50 செ.மீ. வருமாறு செய்து கொண்டால் போதும். சட்டத்தைத் தரையில் வைத்து உள்ளே உள்ள கோரைச் செடிகளை எண்ணிக் குறித்துக்கொள்ள வேண்டும். இப்படிப் பல இடங்களில் எண்ணிச் சராசரி எடுக்கிறோம். எத்தனை இடங்களில் என்பதுதான் கேள்வி.

முதலில் இடங்களைத் தேர்ந்தெடுப்போம். கண்ணை மூடிக்கொண்டு சட்டத்தை வீசுவது பழைய வழக்கம். ஆனால் கை தானாகவே நடக்க வசதியான பக்கமாகத்தான் வீசும். எங்கள் வயல் 40 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம். அதை 50 செ.மீ. கட்டங்களாகப் பிரித்தால் நீளவாக்கில் 80, அகலவாக்கில் 50 கட்டங்கள் வரும். எக்ஸெல்லில் அடுத்தடுத்த இரண்டு செல்களில் கீழ்க்காணும் பார்முலாக்களை டைப் செய்து, தேவையான வரிசைகளுக்குக் கீழே இழுத்து விடவும்.

```
=INT(RAND()*80)+1
=INT(RAND()*50)+1
```

ஒரு வரிசையில் 37, 12 என்று வந்தால் 37ஆவது நெடுக்கு, 12ஆவது குறுக்கு. ஒரே கட்டம் இரண்டு முறை வந்தால் இரண்டாவதை விட்டுவிடுங்கள். RAND ஒவ்வொரு முறை என்டர் தட்டும்போதும் புதிய எண்களைத் தரும். எனவே அவற்றை காப்பி செய்து Paste Special மெனுவில் Values கொடுத்து ஒட்டி வைத்துவிட வேண்டும். நான் இதை மறந்து, அச்சிட்ட தாளில் ஒன்றும் திரையில் வேறொன்றுமாகக் கொஞ்ச நேரம் விழித்துக் கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலையில் முன்னோட்டமாக 20 இடங்களில் எண்ணினோம். கிடைத்தவை இவை: 0, 3, 12, 1, 0, 7, 2, 21, 5, 0, 4, 9, 1, 14, 2, 0, 6, 3, 18, 12. மொத்தம் 120. சட்டத்துக்குச் சராசரி 6.

இந்த எண்களைச் சற்று உற்றுப் பாருங்கள். சராசரி 6 என்கிறோம். ஆனால் சரியாக 6 இருந்த சட்டம் ஒன்றே ஒன்று. நான்கில் எதுவுமே இல்லை, ஒன்றில் 21. காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. கோரை பெரும்பாலும் கிழங்கில் இருந்து பரவுகிறது. ஒரு கிழங்கில் இருந்து வேர்போல் ஓடும் தண்டு அடுத்த கிழங்கை உண்டாக்கும், அது அடுத்ததை. அதனால் ஓரிடத்தில் இருந்தால் கும்பலாக இருக்கும், இல்லாத இடத்தில் அறவே இருக்காது.

செடிகள் ஒன்றோடொன்று தொடர்பில்லாமல் சிதறிக் கிடந்தால் அவற்றின் எண்ணிக்கை பாய்சான் பரவலைப் பின்பற்றும். அதன் அடையாளம், சராசரியும் வேரியன்ஸ் எனப்படும் விலக்க வர்க்கச் சராசரியும் ஏறக்குறைய சமமாக இருப்பது. நம் எண்களில் சராசரி 6, வேரியன்ஸ் 40.2. ஏறத்தாழ ஏழு மடங்கு! வேறு வழியிலும் சோதிக்கலாம். சராசரி 6 உள்ள பாய்சான் பரவலில் சுமார் 400 சட்டங்களுக்கு ஒன்றுதான் காலியாக இருக்கும். நமக்கோ இருபதில் நான்கு காலி.

இத்தகைய கும்பலான எண்ணிக்கைகளுக்குப் பொருந்துவது நெகட்டிவ் பைனாமியல் பரவல். பிளிஸ், பிஷர் இருவரும் 1953இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு ஒரு புகழ் பெற்ற உதாரணம் உண்டு. 150 ஆப்பிள் இலைகளில் சிவப்புச் சிலந்திப் பேன்களை எண்ணியதில் 70 இலைகளில் எதுவும் இல்லை. சராசரி 1.15 தான். பாய்சான் கணக்கில் 48 இலைகள்தான் காலியாக இருந்திருக்க வேண்டும். நெகட்டிவ் பைனாமியல் கணக்கோ ஏறக்குறைய 70 என்று சரியாகச் சொல்கிறது.

இந்தப் பரவலில் சராசரி m உடன் k என்ற இன்னொரு எண்ணும் உண்டு. வேரியன்ஸ் = m + m²/k. k சிறியதாக இருந்தால் கும்பல் அதிகம். k மிகப் பெரியதானால் இரண்டாவது பகுதி மறைந்து பாய்சான் ஆகிவிடும். நமக்கு வேண்டிய சட்டங்களின் எண்ணிக்கை இதிலிருந்து வருகிறது:

```
n = (1.96/D)^2 * (1/m + 1/k)
```

D என்பது எவ்வளவு பிழையைப் பொறுத்துக்கொள்வோம் என்பது. சராசரியில் 25 சதவீதம் முன்பின் இருக்கலாம் என்றால் 0.25. அந்த 1.96 என்பது 95 சதவீத நம்பகத்துக்கான எண்.

எக்ஸெல்லில் A2 முதல் A21 வரை நம் இருபது எண்களை டைப் செய்து, B2 முதல் B6 வரை இவற்றை வரிசையாக அமைத்திடவும். பழைய பதிப்புகளில் உள்ள VAR இன்றைய பதிப்புகளிலும் வேலை செய்கிறது.

```
B2:  =AVERAGE(A2:A21)
B3:  =VAR(A2:A21)
B4:  =B2^2/(B3-B2)
B5:  0.25
B6:  =ROUNDUP((1.96/B5)^2*(1/B2+1/B4),0)
```

B4இல் 1.05 வரும். அதுதான் k. B6இல் 69. பாய்சான் என்று நினைத்து 1/k பகுதியை விட்டுவிட்டால் 11 தான் வந்திருக்கும். பதினொன்று போதும் என்று சனிக்கிழமையே சட்டத்தைக் கழுவி வைத்திருப்போம். B5இல் 0.1 என்று மாற்றிப் பாருங்கள், 430 வரும். துல்லியத்தின் விலை அவ்வளவு வேகமாக ஏறுகிறது. 0.25 என்பதே எங்களுக்குக் கட்டுப்படியானது. B4இல் மைனஸ் எண் வந்தால் வேரியன்ஸ் சராசரியை விடக் குறைவு என்று பொருள். அங்கே இந்தப் பார்முலாவுக்கு வேலையில்லை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. களை இல்லாத சட்டத்துக்கு 0 என்று டைப் செய்யாமல் செல்லைக் காலியாக விட்டால், AVERAGE, VAR இரண்டும் அதைக் கணக்கிலேயே சேர்க்காது. எச்சரிக்கையும் வராது. நம் நான்கு பூஜ்யங்களைக் காலியாக விட்டுப் பார்த்தேன். சராசரி 7.5 ஆனது, தேவையான சட்டங்கள் 43 என்று குறைந்தது. சராசரி கூடிப்போய், அதற்குத் தேவையான உழைப்பும் குறைவு என்று காட்டும் இரட்டைத் தவறு இது. =COUNT(A2:A21) என்று ஒரு செல்லில் கொடுத்து, 20 வருகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"வேரியன்ஸ்தான் கையில் இருக்கிறதே, k எதற்கு?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. முன்னோட்டத்தில் கிடைத்த அதே சராசரிக்கு வேரியன்ஸை நேரடியாகப் போட்டாலும் அதே 69 தான் வரும். k உதவுவது சராசரி மாறும்போது. மருந்து தெளித்த பிறகு சராசரி 2 ஆகக் குறையலாம் என்று எதிர்பார்த்தால், அப்போதைய வேரியன்ஸ் இன்று நம்மிடம் இல்லை. k அதே 1.05 என்று வைத்துக்கொண்டு B2இல் 2 என்று போட்டால் 90 வரும். களை குறைந்தால் எண்ண வேண்டிய சட்டங்கள் கூடும்! ஆனால் மருந்து கும்பல்களைப் பாதித்தால் k-யும் மாறலாம். எனவே இது திட்டமிட ஒரு தொடக்கமே. (B2இல் எண்ணை டைப் செய்தால் B4 மாறிவிடும். முதலில் B4இல் 1.05 என்று நேரடியாக எழுதிவிடுங்கள்.)

எதிர்த் திசையில் பார்த்தாலும் ஒரு செய்தி உண்டு. களை எவ்வளவு பெருகினாலும் 1/m தான் சுருங்கும், 1/k அப்படியே நிற்கும். k 1.05 ஆக இருக்கும்வரை 25 சதவீதத் துல்லியத்துக்கு 59 சட்டங்களுக்குக் கீழே இறங்கவே முடியாது. பெரிய சட்டம் செய்து வேலையைக் குறைக்கலாம் என்ற என் மைத்துனரின் யோசனையும் இதனால்தான் அவ்வளவாக எடுபடாது. ஒரே கும்பலுக்குள் இன்னும் அதிகமாக எண்ணுவதைவிட இன்னொரு இடத்தில் போய் எண்ணுவது மேல்.

இதில் நான் அதிகம் நம்பாத எண் k தான். இருபது சட்டங்களில் இருந்து கணக்கிட்ட k தள்ளாடும். 21 இருந்த அந்த ஒரு சட்டம் நம் கட்டங்களில் வராமல் போயிருந்தாலே அது மாறியிருக்கும். உண்மையான k 2 என்றால் 41 சட்டங்கள் போதும். 0.6 என்றால் 113 வேண்டும். சந்தேகம் இருந்தால் சிறிய k-யை எடுத்துத் திட்டமிடுவதே பாதுகாப்பு. எங்களுக்கு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் மிச்சம் இருந்தது. அதனால் 69ஐ முடித்துவிட்டுக் கணக்குப் பார்ப்பது, போதவில்லை என்றால் வெளிச்சம் உள்ளவரை தொடர்வது என்று முடிவு செய்தோம்.

சனிக்கிழமை எண்ணிய இருபதும் கட்டம் குறித்து எடுத்தவை என்பதால் அவையும் சேரும். மீதி 49. சட்டத்துக்கு மூன்று நிமிடம் வீதம் இரண்டரை மணி நேரம். மதியம் 69 எண்களையும் போட்டதில் சராசரி 5.41, வேரியன்ஸ் 31.6, k 1.12 என்று வந்தது. பிழை எல்லையைப் பார்க்க இந்த ஒரு வரி போதும்:

```
=1.96*SQRT(VAR(A2:A70)/69)/AVERAGE(A2:A70)
```

0.245 வந்தது, அதாவது 24.5 சதவீதம். முதல் இருபதோடு நிறுத்தியிருந்தால் இது 46 சதவீதம். சட்டம் கால் சதுர மீட்டர் என்பதால் நான்கால் பெருக்கினால், சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 22 கோரை, 16க்கும் 27க்கும் இடையில். மைத்துனர் அதை நோட்டில் தேதியோடு குறித்துக்கொண்டார். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஆட்கள் வயலில் இறங்கிவிட்டார்கள்.